மழைநாள் ஹாலுக்குள் எட்டு மணி வெயில்: எந்த வழியில் கொண்டுவருவது?

சென்னையில் நவம்பர் மாதம் எடுத்த ஒரு ஹால் படத்தை எடுத்துக்கொள்வோம். முதல் மாடி வீடு. கிழக்குச் சுவரில் இரண்டு ஜன்னல்கள், ஒவ்வொன்றும் நாலடிக்கு நாலடி. ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து 3 அடி, லிண்டல் 7 அடி. சுவர் 9 அங்குலம், வெளியே 2 அடி சன்ஷேடு, ஜன்னலில் அரை அங்குலக் கம்பி கிரில். தரையில் இரண்டடி வெளிர்நிற டைல்ஸ். ஜன்னல் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு 15 அடி. ஜன்னலிலிருந்து ஏழாவது அடியில் தொடங்கி ஒன்பதாவது அடிவரை ஒரு டீப்பாய், உயரம் ஒன்றரை அடி. கேமரா தென்மேற்கு மூலையில் நின்று ஜன்னல்களைப் பார்க்கிறது. வானம் மூடிக்கிடந்த நாள், படம் முழுக்கச் சாம்பல் பூத்திருக்கிறது. இதே படத்தில் இதே ஜன்னல்கள் வழியாகக் காலை வெயில் விழவேண்டும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. வெயில் நாளில் திரும்பப் போய் எடுப்பது, ஃபோட்டோஷாப்பில் கையால் வெயிலை வைப்பது, அறையை முப்பரிமாணத்தில் கட்டி வெயிலைக் கணக்கிட்டு படத்தின்மேல் பெருக்குவது. எது சரி என்பது நம் மென்பொருள் திறமையைவிட, வெயில் எதன்மேல் விழுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் வெயில் எங்கே விழும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வெயில் எங்கே விழும்

கையால் வேலை செய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு, வெயில் கட்டத்தை ஜன்னலுக்கு நேர் கீழே தரையில் ஒட்டிவைப்பது. உச்சிவெயிலில்தான் அது ஜன்னலை ஒட்டி விழும். காலை வெயில் அறைக்குள் வெகுதூரம் நடந்துவரும்.

மார்ச் 21ஐ ஒட்டிய நாளில் சென்னையில் காலை 8 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 25 பாகை உயரத்தில் இருக்கும். திசை ஏறத்தாழ நேர்கிழக்கு; தெற்குப் பக்கம் 6 பாகை மட்டும் சாய்ந்திருக்கும். 25 பாகையில் ஒவ்வோர் அடி உயரத்துக்கும் வெயில் 2.14 அடி உள்ளே போகும். ஜன்னல் அடிமட்டம் 3 அடி என்பதால் வெயில் கட்டத்தின் அருகு விளிம்பு சுவரிலிருந்து 6.4 அடியில் விழும். தொலைவு விளிம்புக்கு லிண்டல் உயரமான 7 அடியை வைத்துக் கணக்குப்போட்டால் 15 அடி வரும், அது தவறு. வெளியே இருக்கும் சன்ஷேடு மேல்பகுதி வெயிலை வெட்டிவிடுகிறது. சன்ஷேடின் நுனி உள்சுவரிலிருந்து 2 அடி 9 அங்குலம் வெளியே இருக்கிறது. அந்த நுனியை உரசிவரும் கதிர் உள்சுவர்த் தளத்துக்கு வரும்போது 5.7 அடி உயரத்துக்கு இறங்கியிருக்கும். ஆகவே தொலைவு விளிம்பு 12.3 அடியில் விழும். இரண்டடி டைல்ஸ் என்பதால் எண்ணுவது எளிது: சுவரிலிருந்து நாலாவது டைலின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏழாவது டைலின் தொடக்கத்தில் முடியும். சூரியன் 6 பாகை தெற்கே இருப்பதால் கட்டம் வடக்குப் பக்கம் நகரும், அருகு விளிம்பில் 8 அங்குலம், தொலைவு விளிம்பில் 16 அங்குலம்.

தேதியை மாற்றினால் படம் அடியோடு மாறும். டிசம்பர் 21 காலை 8 மணிக்குச் சூரியன் கிழக்கிலிருந்து 31 பாகை தெற்கே இருக்கும், உயரம் 19 பாகையைச் சற்றுத் தாண்டியிருக்கும். அப்போது கட்டத்தின் அருகு விளிம்பே நாலடிக்கு மேல் வடக்கே ஒதுங்கி, வடக்குச் சுவர் அருகில் இருந்தால் அதன்மேல் ஏறிவிடும். அழகான ஒளிதான், ஆனால் தரை, சுவர் இரண்டிலும் உடைந்து விழும் கட்டத்தைக் கையால் வரைவது கடினம். தேதியை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதால் மார்ச்சை எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். எதிரே வீடு இருந்து, அதன் மொட்டைமாடிச் சுவர் நம் ஜன்னல் அடிமட்டத்தைவிட 17 அடி உயர்ந்து, 30 அடி தள்ளி நின்றால், அது 29 பாகை வரை வானத்தை மறைக்கும். அந்த ஹாலில் 8 மணிக்கு வெயிலே விழாது. 8.30க்குச் சூரியன் 32 பாகையைத் தாண்டும்போது முழுமையாக உள்ளே வந்திருக்கும். கட்டமும் சுருங்கி 4.7 அடியிலிருந்து 8.2 அடிவரைதான் இருக்கும். வாடகைக்கோ விற்பனைக்கோ போடும் படமென்றால் இது ஒளியமைப்புக் கேள்வியாக மட்டும் நிற்காது. அந்த அறைக்குள் ஒருபோதும் வராத வெயிலைப் போட்டுக் காட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவது. இந்தக் கணக்கைப் போட்டு, வெயில் உண்மையில் வரும் நேரத்தையே வைக்க வேண்டும்.

வெயில் வந்தால் வேறென்ன மாறும்

தரையில் ஒரு பிரகாசமான கட்டம் வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் படம் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் நிற்கும். மூடிய வானத்தில் ஒளி மேலிருந்து சரிந்து வருகிறது. ஜன்னல் வழியாக நுழைந்து தரையில் விழுகிறது, கூரைக்குப் போவது மிகக் குறைவு. அதனால் சாம்பல் நாள் படத்தில் கூரை மந்தமாக இருக்கும். வெயில் வந்ததும் அந்த ஒளிக்கட்டமே ஒரு விளக்காகிவிடுகிறது. தரையிலிருந்து மேல்நோக்கி ஒளி எழும்புகிறது. கூரையில் மிகப் பிரகாசமான இடம் ஜன்னலருகே இல்லாமல், கட்டத்துக்கு நேர்மேலே, சுவரிலிருந்து ஒன்பது அடி வாக்கில் வரும். டீப்பாயின் பலகைக்கு அடிப்புறம், சோபாவின் கீழ்விளிம்பு, மின்விசிறி இறக்கையின் அடிப்பக்கம் எல்லாம் வெளிச்சம் பெறும். எழும்பும் ஒளிக்குத் தரையின் நிறமும் ஒட்டிக்கொள்ளும். வெளிர் டைல்ஸ் என்றால் இளமஞ்சள், சிவப்பு ஆக்சைடு தரை என்றால் கூரையே செம்மை பூசிக்கொள்ளும்.

நிறத்தில் அடுத்த தவறு, படம் முழுவதையும் மஞ்சளாக்குவது. வெயில் பட்ட இடம் மட்டுமே சூடாகும். வெயில் படாத, ஜன்னலைப் பார்த்த பரப்புகளை நீலவானம்தான் ஒளியூட்டுகிறது; அவை சாம்பல் நாளைவிடக் குளிர்ந்த நிறம் கொள்ளும். சூடும் குளிர்ச்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் காலை என்று கண்ணுக்குச் சொல்கிறது.

ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியிலும் பலர் சறுக்குகிறார்கள். வெளிறிய வானத்தை எடுத்துவிட்டு, முகத்தில் வெயில் அடிக்கும் மரத்தையோ பளிச்சென்ற வெள்ளைச் சுவரையோ ஒட்டிவைப்பார்கள். காலையில் கிழக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் சூரியன் நம் எதிரே இருக்கிறது. நாம் பார்ப்பது எல்லாவற்றின் மேற்கு முகத்தை, அதாவது நிழல் முகத்தை. எதிர்வீட்டுச் சுவர் நீலம் கலந்த நிழலில் இருக்கும். மரத்தின் இலைகள் பின்னாலிருந்து ஒளி ஊடுருவி மஞ்சள்பச்சையாக மின்னும், கிளைகள் கருத்திருக்கும். வானம் நீலமாக அல்லாமல் சூரியனைச் சுற்றி வெள்ளையாகவே இருக்கும். ஆகவே சாம்பல் நாளின் வெளிறிய ஜன்னலை முழுவதும் மாற்றவே வேண்டியதில்லை. ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது இரண்டு மடங்கு பிரகாசப்படுத்தி, இலை விளிம்புகளில் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தாலே போதும்.

திரும்பப் போய் எடுப்பது

வீடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, வீட்டுக்காரர் சம்மதித்து, வாடிக்கையாளர் காத்திருப்பார் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ட்ரைபாட், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து எக்ஸ்போஷர், விளக்குகள் அணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நேரம் மட்டும்தான் சவால். மேலே சொன்ன கணக்கிலேயே 8 மணிக்கும் 8.30க்கும் இடையில் கட்டத்தின் அருகு விளிம்பு ஒன்றே முக்கால் அடி நகர்ந்துவிடுகிறது. முக்கியக் கோணத்தை முதல் பத்து நிமிடத்தில் எடுத்து முடிக்க வேண்டும். நவம்பரில் சென்னையில் எத்தனை நாள் காத்திருக்க நேரும் என்பதுதான் இந்த வழியின் விலை.

சாம்பல் நாளிலேயே ஜன்னலுக்கு வெளியே ஃபிளாஷ் வைத்துச் சூரியனைப் போலியாக உண்டாக்கலாம் என்ற யோசனை அடிக்கடி வரும். தரைத்தள வீட்டில் ஒரே ஜன்னல் என்றால் செய்யலாம். 25 பாகை வேண்டுமானால் 15 அடி தள்ளி, ஜன்னல் நடுவிலிருந்து 7 அடி உயரத்தில், அதாவது தரையிலிருந்து 12 அடிக்கு ஸ்டாண்ட் ஏற வேண்டும். ஃபிளாஷ் ஒளி விரிந்து வருவதால் கிரில் நிழல்கள் விசிறிபோல் பிரியும், சூரிய நிழல்கள் இணையாக இருக்கும். 7 அங்குல ரிஃப்ளெக்டரை 15 அடியிலிருந்து பார்த்தால் சூரியனைவிட நாலு மடங்கு அகலமாகத் தெரியும். அதனால் கம்பி நிழல் கரைந்தே போகும். நம் வீடு முதல் மாடி, ஜன்னலும் இரண்டு. இங்கே இது ஆகாது.

கையால் வைப்பது

எடுத்த படத்தின் ரா ஃபைல் இருக்க வேண்டும். ஜேபெக்கில் இரண்டரை ஸ்டாப் ஏற்றினால் டைல்ஸின் மென்மையான நிறமாற்றங்கள் படிக்கட்டாக உடையும்.

ரா ஃபைலை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகத் திறந்து, லேயர் மெனுவில் `New Smart Object via Copy` கொடுத்தால் தனித்தனியாக மாற்றக்கூடிய இரண்டு பிரதிகள் கிடைக்கும். கீழே இருப்பது நிழல் பிரதி, மேலே இருப்பது வெயில் பிரதி. சாம்பல் நாளில் `Temp` 6500இல் படம் நடுநிலையாக இருந்தால், நிழல் பிரதியை 5900 வாக்கில் இறக்கிச் சற்றுக் குளிரவிட வேண்டும். வெயில் பிரதியை 7800 வாக்கில் வைத்து, `Exposure` +2.5 கொடுக்க வேண்டும். இங்கே எண்கள் தலைகீழாக வேலை செய்வதில் புதியவர்கள் குழம்புவார்கள். காலை வெயிலின் வெப்பநிலை 4800 கெல்வின் வாக்கில் என்று படித்துவிட்டு `Temp`-ஐ 4800இல் வைத்தால் படம் நீலமாகும். ஒளி என்ன நிறம் என்று நாம் நிரலுக்குச் சொல்கிறோம், அது அந்த நிறத்தைக் கழிக்கிறது. அதனால் சூடு வேண்டுமானால் எண் ஏற வேண்டும்.

அடுத்து வெயில் பிரதிக்கு மாஸ்க். இதை நேராகப் படத்தின்மேல் வரையக்கூடாது. புதிய ஆவணத்தில் தரையை மேலிருந்து பார்ப்பதுபோல் அளவோடு வரைய வேண்டும். ஓர் அடிக்கு 100 பிக்சல் என்று வைத்துக்கொண்டு, இரண்டு ஜன்னல்களுக்கும் இரண்டு சாய்ந்த நாற்கரங்கள், 6.4 அடியிலிருந்து 12.3 அடிவரை, வடக்கே மேற்சொன்ன நகர்வோடு. கூடவே டைல்ஸ் கோடுகளையும் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு அதைப் படத்துக்குள் கொண்டுவந்து `Edit > Transform > Distort` மூலம் நாலு மூலைகளையும் படத்திலுள்ள டைல்ஸ் சந்திப்புகளில் பொருத்தினால் கட்டம் தன் இடத்தில் உட்கார்ந்துவிடும். டைல்ஸ் கோடுகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா என்பதே சரிபார்ப்பு.

கிரில் நிழலை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும், இந்த வேலையில் உண்மையும் போலியும் பிரியும் இடம் அதுதான். சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதனால் ஒவ்வொரு நிழல் விளிம்பும், தடுத்த பொருளிலிருந்து எவ்வளவு தூரம் வந்ததோ அதில் 108இல் ஒரு பங்கு அகலத்துக்கு மங்கும். நம் ஹாலில் ஜன்னலின் அடியிலுள்ள கம்பியிலிருந்து தரைக்கு வெயில் வந்த சாய்வுத் தூரம் 7 அடி, மங்கல் அகலம் 20 மில்லிமீட்டர். கம்பியோ 12 மில்லிமீட்டர்தான். அதாவது கம்பியால் சூரியனை முழுவதும் மறைக்கவே முடியாது. நிழலின் நடுவில்கூட ஏறத்தாழ 70 சதவீத வெயில்தான் குறையும். தொலைவு விளிம்பில் தூரம் பதின்மூன்றரை அடி ஆகிவிடுகிறது. அங்கே குறைவது 40 சதவீதம் வாக்கில். ஆகவே கம்பி நிழல் ஜன்னல் பக்கம் ஓரளவு தெளிவாகத் தொடங்கி, உள்ளே போகப்போக அகன்று வெளிறிவிட வேண்டும். படுக்கைக் கம்பிகளின் நிழல் இன்னும் கரைந்திருக்கும். தரை சாய்வாகக் கதிரை வாங்குவதால் அந்தத் திசையில் மங்கல் இரண்டு மடங்குக்குமேல் நீளும். கத்தியால் வெட்டியதுபோன்ற கருப்புக் கம்பிகள் தரையில் கிடந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று பட்டுவிடும்.

மேலிருந்து பார்க்கும் வரைபடத்திலேயே இந்த மங்கலைச் சேர்க்க வேண்டும், `Distort` செய்தபிறகு அல்ல. அருகு விளிம்புக்கு ஓர் அளவு, தொலைவு விளிம்புக்கு இரண்டு மடங்கு என இரண்டு மங்கல் பிரதிகளை ஒரு கிரேடியன்ட்டால் இணைத்தால் போதும்.

பிறகு கூரை. கட்டத்துக்கு நேர்மேலே பெரிய மென்மையான வட்டமாக +0.6 முதல் +1 ஸ்டாப், இளஞ்சூட்டுடன். வடக்குச் சுவரின் கீழ்ப்பாதிக்கு அதில் பாதி. டீப்பாய்க்கு அடியில் இருக்கும் கருநிழலைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும்.

இந்த வழி இரண்டு இடத்தில் உடைகிறது. ஒன்று, பளபளப்பு. சாம்பல் நாள் படத்தில் டைல்ஸின்மேல் ஜன்னல்களின் வெள்ளைப் பிரதிபலிப்பு கேமராவை நோக்கி நீண்டிருக்கும். எக்ஸ்போஷரை ஏற்றும்போது டைல்ஸின் நிறத்தோடு இந்தப் பிரதிபலிப்பும் ஐந்தரை மடங்கு பெருகுகிறது. நிஜத்தில் அப்படி ஆகாது. வெயில் டைல்ஸின் சொந்த நிறத்தைத்தான் பெருக்கும். பிரதிபலிப்பு வெளியே இருக்கும் வானத்தைப் பொறுத்தது, ஒரு ஸ்டாப் கூடினாலே அதிகம். கட்டத்துக்குள் டைல்ஸ் இணைப்புக் கோடுகள் மறைந்து, தரையில் வெள்ளைத்தாள் கிடப்பதுபோல் தெரிந்தால் இதுதான் காரணம். பிரதிபலிப்பு விழும் இடத்தில் மாஸ்க்கைப் பாதிக்கு மேல் குறைத்து, பக்கத்து டைலின் நிறத்தை மெலிதாகப் பூசினால் சரியாகும்.

இரண்டாவது இடம் டீப்பாய். ஒன்றரை அடி உயரத்தில் வெயில் கட்டம் தரையில் இருக்கும் இடத்தில் இருக்காது. 3.2 அடி ஜன்னல் பக்கமாகப் பின்வாங்கி, 3.2 அடியிலிருந்து 9 அடிவரை நிற்கும். டீப்பாய் 7 முதல் 9 அடிவரை இருப்பதால் அதன் மேற்பலகை முழுவதும் வெயிலில் இருக்கும். அந்தப் பலகை தன் நிழலைத் தரையில் 10.2 அடியிலிருந்து 12.2 அடிவரை போடும், கட்டத்தின் பின்பகுதியை விழுங்கியபடி. கேமரா பார்க்கும் மேற்கு விளிம்பு நிழலில் இருக்கும். ஒரு டீப்பாய்க்கு இதைக் கணக்குப்போட்டு வரைந்துவிடலாம். அதன் கால்கள் உருண்டு சாய்ந்திருந்தாலோ, பக்கத்தில் மெத்தைவைத்த நாற்காலி இருந்தாலோ, சோபாவின் கைப்பிடி வளைவு கட்டத்துக்குள் நீண்டிருந்தாலோ கை தடுமாறும். வளைந்த துணிப்பரப்பில் வெயில் எல்லைக்கோடு எப்படி ஓடும் என்பதை ஊகத்தால் வரைந்து தப்பிப்பது அரிது.

காலித் தரை என்றால் கைவேலைக்கு இரண்டு மணி நேரம். அறைகலன் கூடக்கூட நேரம் ஏறும், நம்பகம் இறங்கும்.

கட்டிப் பெருக்குவது

இரண்டு இலவச நிரல்கள் போதும்: எஃப்-ஸ்பை, பிளெண்டர். எஃப்-ஸ்பையில் படத்தைத் திறந்து, ஜன்னல் சுவரை ஒட்டி ஓடும் கோடுகளையும் அதற்குச் செங்குத்தாக ஓடும் டைல்ஸ் கோடுகளையும் குறித்துக்காட்டினால், கேமரா எங்கே நின்றது, லென்ஸ் என்ன என்பதை அது கணக்கிட்டுத் தரும். ஒரு டைலின் பக்கத்தை 0.6 மீட்டர் என்று கொடுத்தால் அளவும் வந்துவிடும். படத்தின் மையமே லென்ஸின் மையம் என்று எஃப்-ஸ்பை இயல்பாக எடுத்துக்கொள்ளும் என்பதை மறந்துவிடக்கூடாது. ஒரு பக்கம் வெட்டிய படத்தையோ, செங்குத்துக் கோடுகளை நேராக்கி வெட்டிய படத்தையோ கொடுத்தால், டைல்ஸ் கோடுகள் இடப்பக்கம் பொருந்தி வலப்பக்கம் வழுக்கும். வெட்டாத, லென்ஸ் வளைவு மட்டும் திருத்திய படத்தையே கொடுக்க வேண்டும்.

பிளெண்டருக்குள் தரை, நாலு சுவர், கூரை, ஜன்னல் திறப்புகள், சன்ஷேடு, கிரில், டீப்பாய், சோபா எல்லாவற்றையும் எளிய பெட்டிகளாகக் கட்ட வேண்டும். படத்தில் தெரியாத மேற்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் விட்டுவிடுவது வழக்கமான பிழை. அறை மூடாவிட்டால் எழும்பும் ஒளி எல்லாம் வெளியே ஓடிவிடும், கூரை வெளிச்சமே பெறாது. சூரிய விளக்கின் `Angle` 0.53 பாகை. இது சரியாக இருந்தால் கிரில் நிழலின் மங்கலை நாம் தொடவே வேண்டாம், தானாக வரும்.

பிறகு இரண்டு ஒளியில் ரெண்டர் செய்ய வேண்டும். ஒன்றில் சாம்பல் வானம் மட்டும். மற்றொன்றில் தெளிந்த வானமும் சூரியனும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது, ஒவ்வொரு பிக்சலிலும் ஒளி எத்தனை மடங்கு மாறியது என்ற விகிதப் படம். அதை நம் நிஜப் படத்தோடு பெருக்குகிறோம்:

```
out = photo * min(sunny / (grey + 0.001), 16)
```

இந்த முறையின் நயம் வகுத்தலில் இருக்கிறது. இரண்டு ரெண்டரிலும் பொருளின் நிறம் ஒன்றே என்பதால் வகுக்கும்போது அது அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது ஒளியின் மாற்றம் மட்டும். அதனால் டீப்பாயின் மரவரியையோ சோபாத் துணியையோ உருவாக்கத் தேவையில்லை. தரை, சுவர், கூரை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பும் என்பது தோராயமாகச் சரியாக இருந்தால் போதும். சேர்த்திருக்கும் சிறிய எண்ணும் 16 என்ற உச்சவரம்பும், இருண்ட மூலைகளில் சுழியால் வகுத்து வெள்ளைப் புள்ளிகள் வெடிப்பதைத் தடுக்கும். கணக்கு எல்லாம் நேர்கோட்டு ஒளி அளவில் நடக்க வேண்டும். படத்தை வளைவு எதுவும் போடாமல் 16 பிட்டில் ஏற்றுமதி செய்து, ரெண்டர்களை 32 பிட் ஓபன்-இஎக்ஸ்ஆர் கோப்பாக வைத்து, `View Transform`-ஐ `Standard`-இல் வைக்க வேண்டும்.

வெயிலைத் தொடுமுன் ஒரு சோதனை உண்டு. சாம்பல் வான ரெண்டரையும் நிஜப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சுவரில் ஒளி தேயும் விதம் இரண்டிலும் ஒத்திருந்தால் அறை சரியாகக் கட்டப்பட்டிருக்கிறது. நிஜப் படத்தில் கூரை மட்டும் அதிக வெளிச்சமாக இருந்தால், படம் எடுத்தபோது டியூப்லைட் எரிந்திருக்கிறது என்று பொருள். அந்த ஒளியும் சேர்ந்து பெருக்கப்படும், வெயில் கட்டத்தில் பச்சையோ நீலமோ கசியும். அப்படிப்பட்ட படத்துக்கு இந்த முறை சரிவராது.

பெருக்கியபின் வரும் பெரிய குறை விளிம்புகளில். நம் சோபாப் பெட்டி நிஜச் சோபாவிலிருந்து நாலைந்து பிக்சல் தள்ளியிருந்தால், அதன் விளிம்பு நெடுக ஒளிக்கோடு ஓடும், நிழலில் இருக்கவேண்டிய சோபாக் கைப்பிடியில் தரை வெயில் வழியும். பொருள்களின் எல்லையை ஃபோட்டோஷாப்பில் மாஸ்க் கட்டித்தான் துடைக்க வேண்டும். பளபளப்புப் பிரச்சினையும் இங்கே தீராது. விகிதப் படமும் பெருக்கல்தானே, ஜன்னல் பிரதிபலிப்பைக் கையால்தான் அடக்க வேண்டும். பழகியவருக்கே இந்த முழு வழிக்கு அரைநாள் பிடிக்கும்.

நம் படத்துக்கு எது

திரும்பப் போக முடியாது என்று வைத்துக்கொண்டால், இந்த ஹாலுக்கு நடுவழி ஒன்றே பொருந்துகிறது. பிளெண்டரில் கட்டுவதை வெயில் மாஸ்க்குக்காக மட்டும் கட்டுவது. தரை, ஜன்னல் திறப்பு, சன்ஷேடு, கிரில், டீப்பாய் ஆகிய ஐந்தும் போதும். சூரியனைத் தவிர எல்லா ஒளியையும் அணைத்து, எல்லாப் பொருளுக்கும் வெள்ளை நிறம் கொடுத்து, ஒளித் துள்ளலைச் சுழியாக்கி ஒரே ரெண்டர். கிடைக்கும் கருப்பு வெள்ளைப் படத்தில் டீப்பாயின் மேற்பலகை, அதன் நிழல், மங்கிப்போகும் கம்பிகள் எல்லாம் தம் இடத்தில் இருக்கும். நேராகப் பார்க்கும் பரப்புகள் சாய்ந்தவற்றைவிட வெளிச்சமாக வருவதும் அதிலேயே இருக்கிறது. அதை ஃபோட்டோஷாப்பில் வெயில் பிரதிக்கு மாஸ்க்காகப் போட்டு, கூரையையும் பளபளப்பையும் மேலே சொன்னபடி கையால் முடிக்க வேண்டும். பழகியவருக்கு எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும். கையால் செய்யும்போது தவறும் வடிவியலைக் கணக்கு பார்த்துக்கொள்கிறது. கணக்குக்குப் பிடிபடாத விளிம்புகளையும் பிரதிபலிப்பையும் கை பார்த்துக்கொள்கிறது.

வெயில் காலித் தரையில் மட்டும் விழும் படம் என்றால் பிளெண்டரைத் திறக்கவே வேண்டாம். டைல்ஸை எண்ணி வரைந்தால் போதும். முழு விகிதப் படத்துக்குச் செலவிடும் அரைநாள், ஒரே அறையின் மூன்று நாலு கோணங்களை மாற்றவேண்டியிருக்கும்போதுதான் பலன் தரும். கட்டிய அறை ஒன்றே, கேமரா மட்டும் மாறும், எல்லாக் கோணத்திலும் வெயில் ஒரே டைலில் நிற்கும். கையால் தனித்தனியாக வரைந்த தொகுப்பில் ஒரு படத்தில் கட்டம் டீப்பாயைத் தாண்டியும் மற்றொன்றில் அதற்கு முன்னாலும் நிற்பது அடிக்கடி நேர்கிறது. அனுப்புமுன் எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்து, கட்டத்தின் அருகு விளிம்பு எத்தனையாவது டைலில் தொடங்குகிறது என்று ஒவ்வொன்றிலும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.